வீட்டின் எடுப்பான சுவர்: சாயமா, பலகையா, வால்பேப்பரா?



தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே நம் வீடுகளில் சுவரைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். எல்லாச் சுவருக்கும் வெளிர் நிறம் அடித்துவிட்டு, வரவேற்பறையில் ஒரே ஒரு சுவரை மட்டும் எடுப்பாகச் செய்யும் வழக்கம் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் பரவியிருக்கிறது. கடைக்காரர்கள் இதை ‘ஃபீச்சர் வால்’ என்பார்கள். இந்த உரையில் அதை எடுப்புச் சுவர் என்றே அழைப்போம்.

எந்தச் சுவரை எடுப்பது, அதற்குச் சாயம் பூசுவதா, பலகை அடிப்பதா, வால்பேப்பர் ஒட்டுவதா என்ற கேள்விகள் வரும்போது, பெரும்பாலோர் முதலில் பார்ப்பது நிறத்தையும் விலையையும்தான். ஆனால் நம் ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது சுவர். அது காய்ந்த சுவரா, ஈரச் சுவரா என்பதைத் தெரிந்துகொண்டால் மூன்றில் எது நிற்கும், எது நிற்காது என்பது தானாகவே விளங்கிவிடும்.

செங்கல் தண்ணீர் குடிக்கும்

பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல் சூளைகளால் வந்தது. 1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கிய பின்னர், பலகையும் அத்தாப்பும் போய் செங்கல்லும் ஓடும் வந்தன. அந்தக் கட்டடங்களுக்கான செங்கல்லை அறுத்துச் சுட்ட இடங்களில் இன்றைய பிரிக்ஃபீல்ட்ஸும் ஒன்று. செங்கல் நெருப்பைத் தாங்கும். ஆனால் அதற்குள் நுண்ணிய துளைகள் உண்டு. மழை நீரையும் மண்ணின் ஈரத்தையும் அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெயில் வந்ததும் இரு பக்கமும் ஆவியாக வெளியே விடும். மேலே உள்ள சிமெண்டுப் பூச்சும் அப்படித்தான்.

நம் பகுதியில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. இடியுடன் கூடிய மழை அதிகம் கொட்டுவது ஏப்ரலிலும், பிறகு அக்டோபர், நவம்பரிலும். அதாவது நாம் தீபாவளிக்காகச் சுவரைத் தொடுகிற அதே மாதங்களில்தான் சுவர் அதிகமாக நனைந்திருக்கிறது. அந்த நேரத்தில் அவசர அவசரமாக ஒன்றை ஒட்டி மூடினால், உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் பொங்கலுக்குள் தன் வேலையைக் காட்டிவிடும்.

எந்தச் சுவர்?

கிள்ளானில் 1980-களில் கட்டப்பட்ட இரண்டு மாடி டேரஸ் வீடு ஒன்றை உதாரணத்திற்கு எடுத்துக்கொள்வோம். அது வரிசையின் கடைசியில் உள்ள மூலை வீடு. கணவன், மனைவி, பள்ளி செல்லும் ஒரு பெண் பிள்ளை, கணவனின் தாயார் என நால்வர். பிள்ளைக்கு இழுப்பு நோய் உண்டு. அதனால் சுவரில் பூஞ்சணம் பிடிப்பது அவர்களுக்கு வெறும் அழகுக் குறைவு இல்லை.

வரவேற்பறையில் நான்கு பக்கம். முன்பக்கம் கதவும் சன்னலும் எடுத்துக்கொண்டன. பின்பக்கம் சமையலறைக்குத் திறந்திருக்கிறது. மீதம் இரண்டு. இடது பக்கம் பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச்சுவர். அங்கேதான் தொலைக்காட்சி இருக்கிறது. வலது பக்கம் வெளிச்சுவர். அதன் மறுபுறம் சிறு பூந்தோட்டம். இரண்டுமே 12 அடி நீளம், 10 அடி உயரம்.

எடுப்புச் சுவருக்குப் பொதுவான விதி எளிமையானது. வாசலில் நுழைந்ததும் கண் முதலில் போய் நிற்கும் சுவர், கதவோ சன்னலோ குறுக்கிடாத சுவர், ஏற்கெனவே ஏதாவது ஒரு பொருள் கவனத்தை இழுக்கும் சுவர் ஆகியவை ஏற்றவை. இந்த வீட்டில் இரண்டு சுவருக்குமே தகுதி உண்டு. மனைவிக்கு வலது சுவர்மீதுதான் ஆசை. நுழைந்தவுடன் தெரிகிறது, நாற்காலிகளுக்குப் பின்னால் பூ வேலைப்பாடு போட்ட வால்பேப்பர் ஒட்டினால் படம் எடுக்கவும் நன்றாக இருக்கும் என்பது அவர் எண்ணம். மாமியாருக்கோ சாமி மேடைக்குப் பக்கத்தில் எதையும் ஒட்டக்கூடாது.

“அத்தை, சாமி மேடை மூலையில இருக்கு. இது நடுச்சுவர்தானே?” என்கிறார் மருமகள்.

“நடுச்சுவரா இருந்தா என்னம்மா, போன வருசம் அடிச்ச சாயம் கீழே பொடிப்பொடியா உதிருதே, அதைப் பார்த்தியா?” என்கிறார் மாமியார்.

மாமியார் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு பிளாஸ்டிக் தாள் சொல்லும் உண்மை

சுவரின் ஈரத்தைச் சோதிக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவில் தெளிவான, சற்றுத் தடிமனான பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி டேப்பால் சுவரோடு ஒட்டுங்கள். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் ஒன்று, நெஞ்சு உயரத்தில் ஒன்று. ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் தாளின் உட்புறத்தில், அதாவது சுவரைப் பார்த்த பக்கத்தில் நீர்த்துளிகள் கோத்திருந்தால், அல்லது மூடிய இடம் கறுத்திருந்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த வெளிப்புறத்தில் மட்டும் ஈரம் படிந்திருந்தால், அது அறைக்காற்றின் ஈரம். முதலாவதற்குச் சுவரைச் சரி செய்ய வேண்டும். இரண்டாவதற்குக் காற்றோட்டத்தைச் சரி செய்ய வேண்டும்.

இந்தச் சோதனையை நல்ல மழைக்குப் பிறகு செய்யுங்கள். இரண்டு வாரம் வெயில் அடித்த பிறகு செய்தால் ஈரச் சுவரும் காய்ந்த சுவர் போல நடிக்கும்.

கறை எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை சாயம் உதிர்ந்து, வெள்ளை உப்புப் பொடி பூத்திருந்தால், ஈரம் அடியிலிருந்து ஏறுகிறது. சுவரின் மேல்பாதியில் பழுப்பு விளிம்போடு திட்டு இருந்தால், மாடிக் குளியலறைக் குழாயையோ கூரையையோ சந்தேகிக்க வேண்டும். அலமாரிக்குப் பின்னாலும் அறை மூலைகளிலும் கரும்புள்ளிகள் மட்டும் இருந்தால், காற்று புழங்காததே காரணமாக இருக்கும். கடைசியாக, ஒரு நாணயத்தால் சுவரைத் தட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று உள்ளீடற்ற ஓசை வந்தால், அங்கே சிமெண்டுப் பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்திருக்கிறது.

நம் கிள்ளான் வீட்டில் இடது சுவர் இரண்டு உயரத்திலும் காய்ந்திருந்தது. வலது சுவரில் கீழே ஒட்டிய தாளின் உட்புறம் துளித்துளியாய் வியர்த்திருந்தது. வெளியே போய்ப் பார்த்தால் காரணம் தெரிந்தது. பூந்தோட்டத்து மண்ணை வீட்டின் உள் தரையைவிட உயரமாகச் சுவரோடு அணைத்துக் குவித்திருந்தார்கள். ஏர்கண்டிஷனர் தண்ணீர்க் குழாயும் அதே மண்ணில்தான் சொட்டிக்கொண்டிருந்தது. வெளிப்பூச்சில் ஒரு விரிசலும் இருந்தது.

“அண்ணே, வால்பேப்பர் ஒட்டினா இந்த உதிர்ற இடம் மறைஞ்சிடுமில்ல?” என்று குத்தகையாளரைக் கேட்கிறார் மனைவி.

“மறையும் அக்கா. ஆனா ஈரத்து மேல எதை ஒட்டினாலும் நிக்காது. உள்ளுக்குள்ளேயே கறுத்துப்போயி, மூணு மாசத்துல வாடை வரும்” என்கிறார் அவர்.

நேர்மையான குத்தகையாளர் கிடைத்தது அந்த வீட்டின் நல்ல காலம்.

வால்பேப்பர் எங்கே நிற்கும்?

சந்தையில் கிடைக்கும் வால்பேப்பரில் பெரும்பகுதி வினைல் பூச்சு கொண்டது. துடைக்கலாம், நிறம் மங்காது. ஆனால் அது பிளாஸ்டிக் படலம். ஆவியை வெளியே விடாது. வெளிச்சுவரில் இதை ஒட்டிவிட்டு, உள்ளே இரவு முழுவதும் ஏர்கண்டிஷனர் போட்டால் என்ன நடக்கும் என்பதைத் தே ஐஸ் குவளையை வைத்தே புரிந்துகொள்ளலாம். குளிர்ந்த குவளையின் வெளியே நீர் கோப்பது போல, குளிர்ந்த வினைலின் முதுகில் சுவர் வழியாக வரும் வெளிக்காற்றின் ஈரம் நீராகிறது. நம் ஊர்க் காற்றில் உள்ள ஈரம் ஏறத்தாழ 23, 24 டிகிரி செல்சியஸிலேயே நீராக மாறத் தொடங்கிவிடும். அறையை 20 டிகிரியில் வைத்தால், வால்பேப்பரின் பின்புறம் அந்த அளவுக்குக் கீழே போய்விடும். அங்கே பசையும் இருக்கிறது, இருட்டும் இருக்கிறது, ஈரமும் வந்துவிட்டது. பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்?

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. வெப்பமும் ஈரமும் மிகுந்த அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஹோட்டல் அறைகளின் வினைல் சுவர்த்தாளில் இளஞ்சிவப்புத் திட்டுகள் தோன்றின. உரித்துப் பார்த்தபோது பின்னால் பூஞ்சணம் படர்ந்திருந்தது. நம் வீடுகளிலும் முதல் அறிகுறி அதுதான்: துடைத்தாலும் போகாத இளஞ்சிவப்பு அல்லது ஊதா நிழல். அடுத்து, இரண்டு துண்டுகள் சேரும் இணைப்பு ஓரம் மெல்லத் தூக்கும். பிறகு பழைய துணி வாடை வரும்.

எனவே பிரிக்ஃபீல்ட்ஸில் கொண்டோ வீட்டில் இருப்பவர்கள், படுக்கையறையில் வெளியே பார்த்த சுவரை விட்டுவிட்டு, இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள உட்சுவரை எடுப்பது நல்லது. அதன் மறுபக்கம் குளியலறையாக இருக்கக்கூடாது. வினைலுக்குப் பதிலாக ஆவியை ஓரளவு விடும் நெய்யாத் தாள் வகை உண்டா என்று கடையில் கேளுங்கள். வாடகை வீடென்றால் ஒட்டுவதற்கு முன் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பின்பசையோடு வரும் தாளை உரிக்கும்போது பழைய சாயமும் சேர்ந்து உரிந்து, முன்பணத்தில் கழிவு விழுவது உண்டு.

அளவையும் சரியாகக் கணக்கிட வேண்டும். நம் உதாரணச் சுவர் 12 அடிக்கு 10 அடி. கொரியச் சுருளின் அகலம் 106 சென்டிமீட்டர், நீளம் 15.6 மீட்டர். சுவரை மறைக்க நான்கு துண்டுகள் வேண்டும். மேலும் கீழும் வெட்டு விளிம்பு சேர்த்து ஒரு துண்டு 3.15 மீட்டர் என்றால் மொத்தம் 12.6 மீட்டர். ஒரே சுருள் போதும். ஐரோப்பியச் சுருள் 53 சென்டிமீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம். ஏழு துண்டுகள் வேண்டும். ஒரு சுருளில் மூன்று துண்டுதான் கிடைக்கும். எனவே மூன்று சுருள். பூ வேலைப்பாடு பெரிதாக இருந்து, அதைப் பொருத்த அதிகம் வெட்ட வேண்டியிருந்தால் ஒரு சுருளில் இரண்டு துண்டுதான் தேறும்; அப்போது நான்கு சுருள். வெறும் பரப்பளவை மட்டும் வகுத்து வாங்கினால் இடையில் தீர்ந்துபோகும். மறுமுறை வாங்கும் சுருளில் நிறம் சற்று மாறியிருக்கலாம்.

பலகை எங்கே நிற்கும்?

இப்போது பிரபலமாக இருப்பவை இரண்டு. ஒன்று, மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையால் சட்டம் போட்டுச் சாயம் அடிப்பது. மற்றொன்று, கோடு கோடாகப் பள்ளம் உள்ள, மரமும் பிளாஸ்டிக்கும் கலந்த பேனல். பலகை வேலை மூன்றிலும் அதிகச் செலவு பிடிக்கும். ஆனால் தொலைக்காட்சி வயர்களை மறைக்க அதைவிட நல்ல வழி இல்லை. சிறு மேடு பள்ளம் உள்ள சுவரையும் அது மறைத்துவிடும்.

அதற்கு எதிரி இருவர்: தண்ணீரும் கரையானும். எம்.டி.எஃப். அடியில் துடைப்பத் தண்ணீர் பட்டால் ரொட்டி போல ஊதும். ஊதியது மீண்டும் சுருங்காது. பேனலைக் கரையான் அரிக்காது என்று கடைக்காரர் சொல்வார். பேனலைத் தின்னாவிட்டாலும், அதைப் பிடித்திருக்கும் மரச்சட்டத்தைத் தின்னும். மண்ணுக்குள்ளிருந்து வரும் கரையான் பலகைக்குப் பின்னால் மறைவாக ஏறுவதால், நமக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். அதனால் சட்டத்திற்கு மருந்தேற்றிய மரமா என்று கேளுங்கள், அல்லது உலோகச் சட்டம் போடச் சொல்லுங்கள். பலகையைத் தரையைத் தொடவிடாமல் நான்கு அங்குலம் மேலே தொடங்குங்கள். அந்த இடைவெளியில் மண் கோடு தெரிகிறதா என்று மாதம் ஒரு முறை குனிந்து பார்த்தால் போதும்.

தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். 2021 டிசம்பர் 18-ஆம் தேதி தொடங்கிய பெருவெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளானின் பல பகுதிகளும் மூழ்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. வெள்ளம் வடிந்த பின் சாயம் பூசிய சுவரைக் கழுவிக் காயவைத்து மீண்டும் அடிக்கலாம். மூழ்கிய எம்.டி.எஃப். பலகையைக் கழற்றி வீசத்தான் வேண்டும். வால்பேப்பரையும் உரிக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் உள்ள சுவர் காயாது. வெள்ளத்தில் ஊறிய செங்கற்சுவர் உள்ளே வரை காய மாதக் கணக்கில் ஆகும். தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று முடிவு செய்யக்கூடாது. வெள்ளம் வரும் இடத்தில் சுவரின் கீழ்ப்பாதிக்குச் சாயமே புத்திசாலித்தனம்.

அந்த வீட்டின் முடிவு

கிள்ளான் குடும்பம் கடைசியில் இப்படித் தீர்மானித்தது. எடுப்புச் சுவர் இடது பக்கத்துப் பொதுச்சுவர். அதற்கு அடர்ந்த நிறச் சாயம். தொலைக்காட்சிக்குப் பின்னால் ஆறு அடி அகலத்திற்கு மட்டும் பேனல். வலது சுவரை முதலில் குணப்படுத்துவது.

வலது சுவருக்கு வெளியே மண்ணை உள் தரை மட்டத்துக்குக் கீழே இறக்கினார்கள். ஏர்கண்டிஷனர் குழாயைக் கால்வாய்க்குத் திருப்பினார்கள். விரிசலை அடைத்தார்கள். உள்ளே உப்புப் பூத்த இடத்தைத் தண்ணீர் விடாமல் காய்ந்த தூரிகையால் தேய்த்து எடுத்து, உள்ளீடற்ற ஓசை கேட்ட பூச்சைச் செங்கல் வரை கொத்திவிட்டுப் புதிதாகப் பூசினார்கள். புதுப் பூச்சு குறைந்தது நான்கு வாரம் காய வேண்டும். அதற்குள் சாயம் அடித்தால் சிமெண்டின் காரம் நிறத்தைக் கெடுத்துத் திட்டுத் திட்டாக்கிவிடும். அதன்பின் மறுபடியும் பிளாஸ்டிக் தாள் சோதனை. உட்புறம் ஈரமில்லை என்று தெரிந்த பிறகே காரம் தாங்கும் சீலர் ஒரு கை, அதன்மேல் வெளிர் நிற எமல்ஷன் சாயம் இரண்டு கை. இன்னும் ஒரு மழைக்காலம் பார்க்கும்வரை அந்தச் சுவரில் எதையும் ஒட்டுவதில்லை என்பதும் முடிவு.

இடது சுவரின் பரப்பு 120 சதுர அடி, அதாவது சுமார் 11 சதுர மீட்டர். ஒரு லிட்டர் சாயம் ஒரு கைக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். இரண்டு கைக்கு 2.2 லிட்டர், ஒரு லிட்டர் டின் மூன்று போதும். சிவப்பு, மஞ்சள் போன்ற நிறங்கள் அடியில் உள்ளதை எளிதில் மறைக்காது. அவற்றுக்கு மூன்று கை தேவைப்படலாம். அப்போது நான்காவது டின் வேண்டும்.

நிறத்தை அட்டையில் பார்த்து முடிவு செய்யவில்லை. இரண்டடிச் சதுர அட்டை ஒன்றில் சாயத்தை அடித்து, சுவரில் சாய்த்து வைத்து, காலையிலும் மாலை நான்கு மணிக்கும் இரவு விளக்கிலும் பார்த்தார்கள். மூலை வீடாதலால் அவர்களுக்குப் பக்கவாட்டு வெளிச்சமும் உண்டு. இடைவீடுகளில் முன்னும் பின்னும் மட்டுமே வெளிச்சம் என்பதால், கடையில் மயில் நீலமாகத் தெரிந்த நிறம் நடுக்கூடத்தில் கறுப்பாகிவிடும்.

சாமி மேடையை ஒட்டிய மூலையில் மாமியார் சொன்னதே நடந்தது. விளக்குப் புகையும் கற்பூரக் கரியும் படியும் இடத்தில் கழுவக்கூடிய சாயம் மட்டும். பிளாஸ்டிக் கலந்த பேனலோ தாளோ சுடர் அருகில் இருப்பது ஆபத்து.

இந்த வேலைகளுக்கு நாள் வேண்டும். நான்கு வாரம் பூச்சு காய, ஒரு வாரம் சோதனைக்கும் நிறம் பார்க்கவும், ஒரு வாரம் சாயத்துக்கும் பேனலுக்கும். ஆக, தீபாவளிக்கு ஆறேழு வாரம் முன்பே தொடங்க வேண்டும். அவ்வளவு நாள் இல்லாதவர்கள், இவ்வாண்டு காய்ந்த சுவருக்குச் சாயம் மட்டும் அடியுங்கள். ஈரச் சுவரை மூடாமல் அப்படியே விடுங்கள். பண்டிகைக்கு வரும் விருந்தினர் உதிர்ந்த சுவரைப் பார்த்தால் ஒரு நாள் கூச்சம்தான். மூடிய சுவருக்குப் பின்னால் வளரும் பூஞ்சணத்தைப் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் சுவாசிக்க வேண்டியிருக்கும்.